காண்டாக்ட்ஸ் கேட்கும் கடன் செயலி: அடமானம் போவது யார்?

"பான் கார்டு, ஆதார் இருந்தா போதும். ஜாமீன் வேண்டாம். அஞ்சே நிமிஷத்துல பணம் உங்க அக்கவுண்ட்ல."

தறி ஓடாத வாரமாகவோ, பள்ளி திறக்கும் ஜூன் மாதமாகவோ, வீட்டில் யாருக்காவது ஆஸ்பத்திரிச் செலவு வந்த நேரமாகவோ இருந்தால் இந்த விளம்பரத்தைப் பார்த்ததும் கை தானாகப் போகத்தான் செய்யும். சங்கரன்கோவிலில் விசைத்தறியில் வாரக் கூலிக்கு வேலை பார்ப்பவருக்கும், பூச்சந்தையில் தினசரி வரவை நம்பியிருப்பவருக்கும் சம்பளச் சீட்டு கிடையாது. வங்கிக்குப் போனால் நாலு நாள் அலைய வேண்டும். போனில் வருவது அஞ்சு நிமிஷம். இதில் யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அந்த விளம்பரத்தில் ஒரு பொய் இருக்கிறது. ஜாமீன் வேண்டாம் என்கிறார்களே, அதுதான் பொய். ஜாமீன் வாங்குகிறார்கள். நமக்குத் தெரியாமல் வாங்குகிறார்கள்.

கையெழுத்துப் போடாத ஜாமீன்தாரர்கள்

நம் ஊர்ப் பக்கம் வட்டிக்குப் பணம் கொடுப்பவர்கள் எதையாவது வாங்கி வைத்துக்கொள்வார்கள். கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலை, புரோநோட்டு, ஏ.டி.எம். கார்டு, சில இடங்களில் ரேஷன் கார்டுகூட. பணம் திரும்பி வராவிட்டால் பிடித்து இழுக்க ஒரு பிடி வேண்டுமல்லவா?

கடன் செயலியை நடத்தும் கும்பலுக்கு உங்கள் வீடு தெரியாது, வேலை தெரியாது, கூலி எவ்வளவு என்று தெரியாது. அப்படியும் ஐந்து நிமிடத்தில் பணம் போடுகிறான் என்றால் எந்த நம்பிக்கையில் போடுகிறான்? செயலியை நிறுவும்போது போனில் ஒரு சின்னக் கட்டம் வருகிறது: `Allow to access your contacts?` அவசரத்தில் `Allow` என்று அழுத்திவிடுகிறோம். அந்த நொடியில், உங்கள் போனில் சேமித்து வைத்திருக்கும் மாமா, சித்தி, தறி முதலாளி, பிள்ளையின் டீச்சர், பால்காரர் என அத்தனை பேருடைய பெயரும் எண்ணும் அவனுடைய கணினிக்குப் போய்விடுகிறது. நீங்கள் அவர்களை "அம்மா", "அத்தான்", "ஓனர்" என்றெல்லாம் சேமித்து வைத்திருப்பதால், யாரிடம் சொன்னால் உங்களுக்கு அதிகமாக வலிக்கும் என்பதும் அவனுக்குத் தெரிந்துவிடும்.

இதுதான் அவன் வாங்கி வைக்கும் ஜாமீன். அந்தக் கட்டம் என்ன செய்கிறது என்று புரிந்துகொண்டால் இந்த மோசடியில் பாதிக்கு மேல் புரிந்துவிடும்.

சென்னையில் பிடிபட்ட கும்பல்

2020-ஆம் ஆண்டு கொரோனா ஊரடங்கில் பலருக்கு வேலை போனது. அந்த நேரத்தில்தான் இந்தச் செயலிகள் மளமளவென்று பரவின. கடன் வாங்கியவர்களை ஆபாசமாகத் திட்டுவதாகவும், உறவினர்களுக்குப் போன் செய்து அவமானப்படுத்துவதாகவும் புகார்கள் குவிந்தன. 2020 டிசம்பர் 23 அன்று, அங்கீகாரம் இல்லாத டிஜிட்டல் கடன் செயலிகளை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி பொதுமக்களை எச்சரித்தது.

சென்னையில் வந்த ஒரு புகாரை மத்திய குற்றப்பிரிவு போலீசார் விசாரித்தபோது தடம் பெங்களூருவுக்குப் போனது. அங்கே ஒரு கால் சென்டர். நூறு பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். கடன் வாங்கியவர்களுக்கும் அவர்களுடைய உறவினர்களுக்கும் போன் செய்து நெருக்குவதுதான் அவர்களுடைய வேலை. 2021 ஜனவரி தொடக்கத்தில் சீன நாட்டவர் இருவரும், அவர்களுக்காக நிறுவனத்தை நடத்திய இந்தியர் இருவரும் கைது செய்யப்பட்டார்கள்.

இந்த வழக்கிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டு. ஒன்று, போனில் மிரட்டுபவர் உங்களைத் தனியாகக் குறிவைத்த ஆள் இல்லை. சம்பளத்துக்கு உட்கார்ந்து, பட்டியலைப் பார்த்து வரிசையாக அழைப்பவர். இரண்டு, ஒரே கும்பலே பல பெயர்களில் பல செயலிகளை நடத்தியது. ஒரு செயலியின் கடனை அடைக்க இன்னொரு செயலியில் வாங்கியவர்கள், பல நேரம் அதே கும்பலிடமே மறுபடி போய் மாட்டியிருக்கிறார்கள்.

இது ஏதோ நாலைந்து செயலிகளின் கதை இல்லை. ரிசர்வ் வங்கி அமைத்த பணிக்குழு 2021 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் இணையத்தில் தேடிப் பார்த்தபோது, இந்தியாவில் கிடைத்த சுமார் 1,100 கடன் செயலிகளில் சுமார் 600 சட்டவிரோதமானவை என்று கண்டது. அதாவது, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால் அது மோசடிச் செயலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

3,500 ரூபாய் வாங்கிய கணக்கு

ஒரு தறித் தொழிலாளி 5,000 ரூபாய் கடன் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். செயலி "5,000 அப்ரூவ்டு" என்று காட்டுகிறது. ஆனால் அக்கவுண்ட்டில் வந்து விழுவது 3,500 ரூபாய்தான். மீதி 1,500 ரூபாய் "பிராசசிங் கட்டணம்" என்று முதலிலேயே பிடித்துவிட்டார்கள். ஏழாவது நாள் முழு 5,000 ரூபாயைக் கட்ட வேண்டும். இந்தச் செயலிகளின் வழக்கமான முறை இது.

இதை நமக்குப் பழகிய வட்டிக் கணக்கில் பார்ப்போம். 3,500 ரூபாய்க்கு ஒரு வாரத்துக்கு 1,500 ரூபாய் என்றால், நூறு ரூபாய்க்கு வாரம் சுமார் 43 ரூபாய். மாதக் கணக்கில் நூற்றுக்கு 180 ரூபாய்க்கு மேல். பத்து வட்டி என்றாலே நம் ஊரில் "ஐயோ, கந்துவட்டி" என்போம். இது 180 வட்டி!

ஏழாவது நாள் அவரிடம் 5,000 இல்லை. செயலியே வழி சொல்கிறது: "இன்னொரு ஆப்ல லோன் எடுத்து இதை அடைச்சிருங்க." அங்கேயும் இதே அளவு பிடித்தம். கையில் 5,000 வர வேண்டுமானால் 7,143 ரூபாய்க்குக் கடன் எடுக்க வேண்டும். பதினான்காவது நாள் அந்த 7,143-ஐ அடைக்க மூன்றாவது செயலியில் 10,204 ரூபாய். இருபத்தொன்றாவது நாள் அதை அடைக்க நான்காவது செயலியில் 14,577 ரூபாய். இருபத்தெட்டாவது நாள் அவர் கட்ட வேண்டிய தொகை 14,577. அவர் கையில் வாங்கிச் செலவழித்தது வெறும் 3,500. இதற்கிடையில் நாலு செயலிகளிடம் அவருடைய காண்டாக்ட்ஸ் பட்டியல் போய்ச் சேர்ந்துவிட்டது.

கெடு முடிவதற்கு முன்பே, சில நேரம் ஆறாவது நாளே, போன் வரத் தொடங்கும். முதலில் அவருக்கு. பிறகு, "உங்க சொந்தக்காரர் எங்ககிட்ட பணம் வாங்கிட்டு ஓடிட்டார், உங்களைத்தான் ஜாமீனா போட்டிருக்கார்" என்று மாமாவுக்கும் முதலாளிக்கும். அடுத்தது, கே.ஒய்.சி-க்காக எடுத்த செல்ஃபியை ஆபாசப் படத்தோடு ஒட்டி வாட்ஸ்ஆப்பில் அனுப்புவது. தென்னை மரத்தில் தேள் கொட்டினால் பனை மரத்தில் நெறி கட்டிய கதையாக, கடன் வாங்கியவரை விட்டுவிட்டு அவருடைய அக்காவும் தங்கையும் அழுதுகொண்டிருப்பார்கள்.

பணத்தைக் கட்டிவிட்டால் முடிந்துவிடுமா? பெரும்பாலும் முடிவதில்லை. "லேட் ஃபீஸ் பாக்கி" என்று மறுபடி அழைப்பு வரும். கடனை அடைத்தாலும் காண்டாக்ட்ஸ் பட்டியல் அவனிடமே இருக்கிறது. அடமானப் பொருள் திரும்பி வராத கடன் இது.

எந்த அனுமதி சரி? எந்த அனுமதி தவறு?

இங்கே நமக்குச் சாதகமான செய்தி ஒன்று உண்டு. ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பர் 2 அன்று டிஜிட்டல் கடன் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. 2025 மே மாதம் வெளியான புதிய உத்தரவுகளிலும் அதே விதிகள் தொடர்கின்றன. அவற்றின்படி, கடன் செயலி உங்கள் போனில் காண்டாக்ட்ஸ், கால் பதிவுகள், ஃபைல்கள், போட்டோ, வீடியோ ஆகியவற்றைத் தொடவே கூடாது. கேமரா, மைக், இருப்பிடம் ஆகியவற்றை மட்டும் கேட்கலாம். அதுவும் உங்களை அடையாளம் சரிபார்ப்பதற்காக, உங்கள் சம்மதத்தோடு, ஒரே ஒரு முறை.

கூகுள் நிறுவனமும் 2023 மே 31 முதல், தனது பிளே ஸ்டோரில் உள்ள தனிநபர் கடன் செயலிகள் காண்டாக்ட்ஸையும் போட்டோக்களையும் கேட்பதைத் தடை செய்துவிட்டது. கடனை முழுதாக 60 நாளுக்குள் திருப்பிக் கட்டச் சொல்லும் செயலிகளுக்கும் பிளே ஸ்டோரில் இடமில்லை.

ஆகவே நினைவில் வைக்க வேண்டியது எளிது. செல்ஃபி எடுக்கக் கேமரா கேட்டால், அது விதிக்கு உட்பட்டது. காண்டாக்ட்ஸ் கேட்டால், வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை, வெளியே வந்துவிடலாம். "7 நாள் கடன்", "15 நாள் கடன்" என்று சொன்னாலும் அப்படியே. "காண்டாக்ட்ஸ் அனுமதி கொடுத்தாதான் கிரெடிட் ஸ்கோர் பார்க்க முடியும்" என்று செயலி காரணம் சொல்லும். உங்கள் மாமாவின் போன் நம்பருக்கும் உங்கள் கிரெடிட் ஸ்கோருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

போனில் எங்கே பார்ப்பது?

செயலியை நிறுவும் முன்: பிளே ஸ்டோரில் அந்தச் செயலியின் பக்கத்தில் `About this app` என்பதைத் தொட்டுக் கீழே போனால் `App permissions` இருக்கும். அதில் `Contacts` இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நிறுவ வேண்டாம்.

ஏற்கெனவே நிறுவியிருந்தால்: `Settings` > `Apps` > செயலியின் பெயர் > `Permissions` > `Contacts` > `Don't allow`. போனின் நிறுவனத்தைப் பொறுத்து வரிசை கொஞ்சம் மாறலாம். `Permission manager` என்று தேடினால், எந்தெந்தச் செயலிக்குக் காண்டாக்ட்ஸ் அனுமதி கொடுத்திருக்கிறோம் என்று மொத்தமாகவே பார்க்கலாம். கடன் செயலிக்கு மட்டுமல்ல, டார்ச் லைட் செயலிக்கும் கேமுக்கும் கொடுத்திருப்பது அப்போதுதான் தெரியவரும்.

வாட்ஸ்ஆப்பிலோ எஸ்.எம்.எஸ்ஸிலோ லிங்க் அனுப்பி, "இதை டவுன்லோடு பண்ணுங்க" என்றால், அது பெரும்பாலும் `.apk` என்று முடியும் ஃபைலாக இருக்கும். போன் உடனே `Install unknown apps` என்று எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையைத் தாண்டிப் போகாதீர்கள். பிளே ஸ்டோருக்கு வெளியே வரும் செயலிக்கு பிளே ஸ்டோரின் எந்தத் தடையும் பொருந்தாது.

காண்டாக்ட்ஸ் கேட்காவிட்டால் நல்ல செயலியா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. சில செயலிகள் அனுமதி கேட்காமல், "இரண்டு உறவினர் எண் கொடுங்கள்" என்று உங்கள் கையாலேயே எழுத வைக்கின்றன. சில, கடன் தருவதற்கு முன்பே "இன்ஷூரன்ஸ்", "ஃபைல் சார்ஜ்" என்று முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்துவிடுகின்றன. அதனால் இன்னும் இரண்டைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, கடன் கொடுப்பவர் யார்? செயலி என்பது கடை வாசலில் நின்று கூப்பிடும் ஆள் மாதிரி. பணம் கொடுப்பது ஒரு வங்கியாகவோ ரிசர்வ் வங்கியில் பதிவு செய்த நிதி நிறுவனமாகவோ இருக்க வேண்டும். அந்த நிறுவனத்தின் பெயர் செயலியில் இருக்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2025 ஜூலை 1 முதல் தனது `rbi.org.in` இணையதளத்தில், வங்கிகளும் நிதி நிறுவனங்களும் பயன்படுத்தும் கடன் செயலிகளின் பட்டியலை வெளியிட்டு வருகிறது. உங்கள் செயலியின் பெயர் அதில் இருக்கிறதா, எந்த நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். இது நிறுவனங்கள் தாங்களே தரும் விவரம். அதனால் பட்டியலில் பார்த்ததோடு நிற்காமல், அந்த வங்கி அல்லது நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலும் இதே செயலியின் பெயர் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பிரபல நிறுவனத்தின் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றிப் போலிச் செயலி விடுபவர்கள் உண்டு.

இரண்டாவது, பணம் எந்த வழியாக வருகிறது, எந்த வழியாகப் போகிறது? ரிசர்வ் வங்கி விதிப்படி, கடன் தொகை நிறுவனத்தின் கணக்கிலிருந்து நேராக உங்கள் கணக்குக்கு வர வேண்டும். நீங்கள் கட்டுவதும் நேராக அந்த நிறுவனத்தின் கணக்குக்கே போக வேண்டும். நடுவில் யாருடைய கணக்கும் வரக்கூடாது. "இந்த க்யூஆர் கோடுக்கு அனுப்புங்க", "இந்த யு.பி.ஐ.க்குப் போடுங்க" என்று ஒவ்வொரு தடவையும் வேறு வேறு தனிநபர் பெயர் வந்தால், அது சட்டப்படியான கடன் இல்லை.

ஒழுங்கான நிறுவனமாக இருந்தால், கையெழுத்துக்கு முன் "முக்கிய விவர அறிக்கை" ஒன்றைத் தரும். கையில் எவ்வளவு வரும், எல்லாக் கட்டணமும் சேர்த்து ஆண்டு வட்டி எத்தனை சதவீதம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். உங்களுக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பது விதி. "தமிழில் கொடுங்கள்" என்று கேளுங்கள். கடன் வாங்கிய பிறகு மனசு மாறினால் குறைந்தது ஒரு நாளுக்குள், அபராதம் இல்லாமல், அசலையும் அந்த நாளுக்கான வட்டியையும் கட்டி வெளியேறும் உரிமையும் உண்டு.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டால்

வரிசை முக்கியம். பயத்தில் முதலில் செயலியை அழித்துவிடுகிறோம். ஆதாரமும் அதோடு போய்விடுகிறது.

1. முதலில் வீட்டில் சொல்லுங்கள். பிறகு காண்டாக்ட்ஸில் உள்ளவர்களுக்கு நீங்களே முந்திக்கொண்டு ஒரு செய்தி அனுப்புங்கள். இப்படி அனுப்பலாம்: "ஒரு மோசடிக் கடன் செயலி என் போனிலிருந்து எண்களைத் திருடியிருக்கிறது. என் பெயரில் தவறான செய்தியோ படமோ வந்தால் நம்ப வேண்டாம். பணம் அனுப்ப வேண்டாம். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்புங்கள். போலீசில் புகார் கொடுக்கிறேன்." ஊருக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம்தான் அவனுடைய ஒரே ஆயுதம். நீங்களே சொல்லிவிட்டால் அந்த ஆயுதம் மழுங்கிவிடும்.

2. ஆதாரம் சேருங்கள். செயலியின் பெயர், கடன் விவரம் உள்ள பக்கங்கள், வந்த அழைப்புகளின் எண்கள், வாட்ஸ்ஆப் மிரட்டல்கள், பணம் அனுப்பிய யு.பி.ஐ. முகவரி, பரிவர்த்தனை எண் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வங்கிக் கணக்கு விவரப் பட்டியலும் வேண்டும். உறவினருக்கு வந்த மிரட்டலையும் வாங்கி வையுங்கள்.

3. அதன் பிறகு காண்டாக்ட்ஸ், எஸ்.எம்.எஸ்., போட்டோ அனுமதிகளை நீக்கிவிட்டுச் செயலியை அழியுங்கள். ஏற்கெனவே போன பட்டியல் இதனால் திரும்பி வராது. புதிதாக எதுவும் போகாமல் நிற்கும். யு.பி.ஐ. செயலியில் `Autopay` பகுதிக்குப் போய், தெரியாத அனுமதி ஏதாவது இருந்தால் ரத்து செய்யுங்கள்.

4. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள், அல்லது `cybercrime.gov.in` தளத்தில் புகார் பதியுங்கள். பணம் போயிருந்தால் எவ்வளவு சீக்கிரம் 1930-க்கு அழைக்கிறோமோ, அதைத் தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு உண்டு. நேரில் போவதென்றால் தென்காசி மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போகலாம். தென்காசி போக வசதிப்படாவிட்டால் சங்கரன்கோவிலில் உங்கள் பகுதிக் காவல் நிலையத்திலேயே மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். மிரட்டுபவன் வெளி மாநிலத்தில் இருக்கிறான் என்பதற்காகப் புகாரை வாங்காமல் இருக்க முடியாது. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்று 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சொல்கிறது.

5. பதிவு இல்லாத செயலி என்றால் ரிசர்வ் வங்கியின் `sachet.rbi.org.in` தளத்திலும் தெரிவியுங்கள். பதிவு பெற்ற வங்கியோ நிதி நிறுவனமோ இப்படி நடந்தால், முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் தீர்வு கிடைக்காவிட்டால் `cms.rbi.org.in` தளத்தில் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டின் அதீத வட்டி வசூல் தடைச் சட்டம் இருக்கிறது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று நம் மக்கள் வாயில் புழங்கும் பெயர்களையே எழுதி வைத்திருக்கும் சட்டம் அது. மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் நடந்த துயரத்தை நம் பகுதி மக்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வட்டியைவிட, வட்டிக்காரரின் நெருக்கடிதான் உயிரை எடுக்கிறது என்பதை அன்று எல்லோரும் பார்த்தோம். கடன் வசூலில் வற்புறுத்தலைத் தடுக்க 2025-ஆம் ஆண்டு தனிச் சட்டம் ஒன்றையும் தமிழ்நாடு சட்டப்பேரவை நிறைவேற்றியது. கடன் வாங்கியவரை மட்டுமல்லாமல் அவருடைய குடும்பத்தாரை மிரட்டுவதும் அதன்படி குற்றம்.

இவை தவிர, மிரட்டிப் பணம் பறிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-ஆவது பிரிவிலும், குற்ற நோக்கோடு அச்சுறுத்துவது 351-ஆவது பிரிவிலும் வரும். ஆபாசப் படம் அனுப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆவது பிரிவில் குற்றம். மனுவில் பிரிவு எண் எழுத வேண்டும் என்பதில்லை. என்ன நடந்தது, எந்தத் தேதியில் நடந்தது, எந்த எண்ணிலிருந்து வந்தது என்று எழுதினால் போதும்.

அடிக்கடி வரும் மூன்று சந்தேகங்கள்

*"கடன் வாங்கினது உண்மைதானே, புகார் கொடுத்தா என்னையே பிடிச்சிர மாட்டாங்களா?"*
மாட்டார்கள். கடனைத் திருப்பித் தர முடியாமல் போவது உரிமையியல் விவகாரம். மிரட்டுவதும் படத்தை மாற்றி அனுப்புவதும் குற்றம். இரண்டும் வேறு. வாட்ஸ்ஆப்பில் வரும் "கைது வாரண்ட்", "கோர்ட் நோட்டீஸ்" எல்லாம் மிரட்டுவதற்காகத் தயாரித்த தாள்கள். ஆனால் பதிவு பெற்ற நிறுவனத்தில் வாங்கியிருந்தால், அசலும் முறையான வட்டியும் கட்ட வேண்டிய பொறுப்பு உங்களுக்கு உண்டு. அவர்களிடம் தவணை மாற்றிக் கேளுங்கள். அந்த நிறுவனங்களின் வசூல் ஆட்களும் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது. உறவினரையும் நண்பரையும் தொந்தரவு செய்யக் கூடாது.

*"சிபில் ஸ்கோரைக் கெடுத்துருவோம்னு சொல்லுதாங்களே?"*
கடன் தகவல் நிறுவனங்களுக்கு விவரம் அனுப்ப, அவற்றில் உறுப்பினரான வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும்தான் முடியும். பதிவே இல்லாத செயலிக்கு அந்த வழி கிடையாது.

*"எனக்கும் அந்தக் கடனுக்கும் சம்பந்தமே இல்ல, எனக்கு ஏன் போன் வருது?"*
உங்களைத் தெரிந்த யாரோ ஒருவர் மாட்டியிருக்கிறார். நீங்கள் ஜாமீன் இல்லை. ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். வந்த செய்தியை அழிக்காமல் வைத்துக்கொண்டு அந்த எண்ணைத் தடை செய்யுங்கள். சம்பந்தப்பட்டவரைக் கூப்பிட்டு, "ஏன் இப்படிப் பண்ணுன?" என்று கேட்பதற்கு முன், "நீ நல்லா இருக்கியா?" என்று கேளுங்கள். அந்த நேரத்தில் அவருக்கு வரும் முப்பதாவது போன் உங்களுடையதாக இருக்கலாம். மனம் உடைந்து பேசுகிறார் என்று தோன்றினால் அவரைத் தனியாக விடாதீர்கள். மாநில சுகாதார உதவி எண் 104-லும், மனநல உதவி எண் 14416-லும் தமிழில் பேசலாம்.

அவசரத்துக்கு எங்கே போவது?

கையில் குன்றிமணி நகை இருந்தாலும், கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ நகைக்கடன் வாங்குவது இந்தச் செயலிகளைவிடப் பல மடங்கு மலிவு. மகளிர் சுய உதவிக் குழுவில் உறுப்பினராக இருப்பவர்கள் குழுவின் உள்கடனை முதலில் கேட்கலாம். இதெல்லாம் ஐந்து நிமிடத்தில் வராது, உண்மைதான். ஆனால் இவற்றில் எந்த இடத்திலும் உங்கள் அக்காவின் போன் நம்பரை யாரும் கேட்கப் போவதில்லை.

குறித்து வையுங்கள்

சைபர் குற்ற உதவி எண்: 1930
இணையவழிப் புகார்: `cybercrime.gov.in`
பதிவு இல்லாத செயலி பற்றி ரிசர்வ் வங்கிக்குத் தெரிவிக்க: `sachet.rbi.org.in`
பதிவு பெற்ற நிறுவனம் மீதான புகார்: `cms.rbi.org.in`
காவல் அவசர உதவி: 100 / 112
பெண்கள் உதவி எண்: 181
சுகாதார உதவி எண்: 104
மனநல உதவி எண்: 14416